ஓரம் தள்ளிச் சுமை தாங்கும் பிராக்கெட்: எந்த போல்ட் அதிகம் வாங்குகிறது?

தூணின் ஃபிளேஞ்சில் ஆறு போல்ட் போட்டு ஒரு பிளேட்டை நிறுத்துகிறோம். தூணைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பகுதியில் ஒரு பீம் வந்து உட்காருகிறது. இந்த ஆறு போல்ட்டும் சுமையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. கீழே இறங்கப் பார்க்கும் பிளேட், கூடவே சுழலவும் பார்க்கிறது. இறக்கத்தைத் தடுக்கும் வேலை எல்லா போல்ட்டுக்கும் ஒன்றுதான். சுழற்சியைத் தடுக்கும் வேலையோ, போல்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். இரண்டு வேலையும் ஒரே திசையில் வந்து சேரும் போல்ட்தான் மோசமான போல்ட். அதன் மேல் வரும் தொகுபயன் விசையைக் கண்டுபிடித்து, அது தாங்குமா என்று பார்த்துவிட்டால் மற்ற போல்ட்டுகளைப் பற்றிக் கவலையில்லை.

தமிழ்நாட்டில் ஐஎஸ் 800 படித்துவிட்டு, இங்கே துவாஸ், ஜூரோங் பக்கம் ஃபேப்ரிகேஷன் யார்டுகளிலும் டிசைன் அலுவலகங்களிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் 2015 ஏப்ரல் முதல் புதிய கட்டட வரைவுகளுக்கு யூரோகோட்தான். இரும்பு இணைப்புகளுக்கு எஸ்எஸ் ஈஎன் 1993-1-8. கோட் மாறினாலும் இந்தக் கணக்கின் மெக்கானிக்ஸ் மாறாது. போல்ட்டின் வலிமையைக் கண்டுபிடிக்கும் இடத்தில் மட்டும்தான் எண் வேறுபடும்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம்

தூண் 254 யூசி, அதாவது ஃபிளேஞ்ச் அகலம் சுமார் 254 மி.மீ. உள்ள யுனிவர்சல் காலம். அதன் முன் ஃபிளேஞ்சில் ஒரு பிளேட், பின் ஃபிளேஞ்சில் ஒரு பிளேட். இரண்டின் குறுக்கே பீம் உட்காருகிறது. பீமிலிருந்து வரும் டிசைன் சுமை மொத்தம் 240 கிலோநியூட்டன். பீம் இரண்டு பிளேட்டுக்கும் சரிநடுவில் உட்காருவதால் ஒரு பிளேட்டுக்கு 120. இது காரணிகளால் பெருக்கிய சுமை. வெறும் சர்வீஸ் சுமை இல்லை. கணக்குத் தாளின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுங்கள். பின்னால் வந்து பார்ப்பவர் இன்னொரு முறை பெருக்கிவிடக் கூடாது.

ஒரு பிளேட்டில் ஆறு போல்ட், நெட்டுவாக்கில் இரண்டு வரிசை. இரண்டு வரிசைக்கும் இடையே 120 மி.மீ. ஒரு வரிசையில் மூன்று போல்ட், 100 மி.மீ. இடைவெளியில். சுமையின் கோடு தூணின் நடுக்கோட்டிலிருந்து வலது பக்கம் 200 மி.மீ. தள்ளி இறங்குகிறது.

முதலில் மையம்

போல்ட் குழுவின் மையத்தைக் கண்டுபிடியுங்கள். இங்கே ஒழுங்கான அமைப்பு என்பதால் கண்ணாலேயே தெரிகிறது: இரண்டு வரிசைக்கும் நடுவில், நடு போல்ட்டின் உயரத்தில். அந்தப் புள்ளியைத் தொடக்கப் புள்ளியாக வைத்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் x, y எழுதிக்கொள்ளுங்கள். சுமை இருக்கும் பக்கம் x கூட்டல், எதிர்ப்பக்கம் கழித்தல். மேலே y கூட்டல், கீழே கழித்தல். ஆக வலது வரிசைக்கு x = 60, இடது வரிசைக்கு x = -60. மேலிருந்து கீழாக y = 100, 0, -100.

அடுத்தது மையவிலகல், அதாவது சுமைக் கோட்டுக்கும் இந்த மையத்துக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தூரம். நமக்கு அது 200 மி.மீ. புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சிலர் ஃபிளேஞ்சின் விளிம்பிலிருந்து அளந்து 73 மி.மீ. என்று போடுகிறார்கள். சிலர் சுமைக்குப் பக்கத்தில் உள்ள போல்ட் வரிசையிலிருந்து அளந்து 140 என்கிறார்கள். படத்தில் அந்த அளவுகள்தான் எழுதியிருக்கும் என்பதால் கை தானாக அங்கே போய்விடும். பிளேட் சுழலப் பார்ப்பது போல்ட் குழுவின் மையத்தைச் சுற்றி. எனவே மையத்திலிருந்துதான் அளக்க வேண்டும். தப்பாக அளந்தால் விடை எவ்வளவு கெடுகிறது என்று பின்னால் எண்ணோடு பார்ப்போம்.

சுழற்சியின் பங்கு

எலாஸ்டிக் முறை இரண்டு விஷயங்களை நம்பி நிற்கிறது. ஒன்று, பிளேட் வளையாமல் விறைப்பாக இருக்கிறது. இரண்டு, எல்லா போல்ட்டும் ஒரே அளவு, ஒரே விறைப்பு; நகர்வு கூடக் கூட அதே விகிதத்தில் விசையும் கூடும். விறைப்பான பிளேட் மையத்தைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பினால், மையத்திலிருந்து தூரமாக இருக்கும் போல்ட் அதிகம் நகரும், பக்கத்தில் இருப்பது குறைவாக நகரும். விசையும் அப்படித்தான், தூரத்துக்கு நேர்விகிதம். ஒவ்வொரு போல்ட்டின் விசையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்த மொமென்ட் வந்துவிட வேண்டும். அந்தக் கூட்டலில்தான் தூரத்தின் வர்க்கங்கள் வந்து சேருகின்றன.

```
S  = Σx² + Σy²
   = 6(60²) + 4(100²)
   = 21600 + 40000 = 61600 mm²

M  = P·e = 120 × 200 = 24000 kN·mm

M/S = 24000 / 61600 = 0.3896 kN/mm
```

நடு உயரத்தில் உள்ள இரண்டு போல்ட்டுக்கும் y பூஜ்யம். அதனால்தான் y-க்கு 4 மட்டும் வந்தது. இங்கே 6 என்று போட்டுவிட்டால் S பெருகி, விசை குறைவாகத் தெரியும்.

கடைசி வரியில் வந்த 0.3896 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருப்பதற்கு ஒரு போல்ட் தாங்க வேண்டிய விசை அது. இந்த ஒரு எண் கையில் இருந்தால் எந்த போல்ட்டின் விசையையும் மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

இந்த விசை மையத்தையும் போல்ட்டையும் சேர்க்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். கோணம், சைன், கோசைன் என்று அலைய வேண்டாம். கிடைமட்டக் கூறுக்கு y-ஆல் பெருக்குங்கள், செங்குத்துக் கூறுக்கு x-ஆல் பெருக்குங்கள். மாற்றிப் போட்டிருக்கிறேனோ என்று சந்தேகம் வரும், இல்லை, அப்படித்தான். மையத்துக்கு நேர் மேலே இருக்கும் போல்ட் பக்கவாட்டில்தானே நகரும்? அதனால் அதன் உயரம் பக்கவாட்டு விசையைத் தருகிறது.

திசையோடு கூட்டுவது

நேரடிப் பங்கு எளிது: 120-ஐ ஆறால் வகுத்தால் 20 கிலோநியூட்டன், எல்லா போல்ட்டிலும் கீழ்நோக்கி.

சுமை வலது பக்கம் இறங்குவதால் பிளேட் கடிகார முள் திசையில் திரும்பப் பார்க்கிறது. வலது வரிசை போல்ட்டுகளை அது கீழே தள்ளும், இடது வரிசையை மேலே தள்ளும். மேல் போல்ட்டுகளை வலப்பக்கமும் கீழ் போல்ட்டுகளை இடப்பக்கமும் தள்ளும். ஆக வலது வரிசையில் நேரடிப் பங்கும் சுழற்சியின் செங்குத்துக் கூறும் ஒன்றோடொன்று கூடும். இடது வரிசையில் ஒன்றை ஒன்று கழிக்கும்.

வலது மேல் மூலையில் இருக்கும் போல்ட்டுக்கு:

```
Fx = 0.3896 × 100       = 38.96 kN
Fy = 20 + 0.3896 × 60   = 43.38 kN
R  = √(38.96² + 43.38²) = 58.3 kN
```

வலது கீழ் மூலைக்கும் அதே 58.3. கிடைமட்டக் கூறின் திசைதான் எதிர். வலது நடு போல்ட்டுக்குக் கிடைமட்டம் இல்லை, 43.38 மட்டும். இடது மூலைகளில் செங்குத்து 20-லிருந்து 23.38-ஐக் கழித்து 3.38 மேல்நோக்கி, கிடைமட்டத்தோடு சேர்த்தால் 39.1. இடது நடு போல்ட்டுக்கு வெறும் 3.38. ஒரே பிளேட்டில் ஒரு போல்ட் 58 வாங்குகிறது, இன்னொன்று மூன்றரைகூட வாங்கவில்லை. ஆறால் வகுத்துவிட்டு நகர்ந்திருந்தால் 20 என்று நினைத்திருப்போம்.

இன்னொரு வழக்கமான தவறு, சுழற்சி விசையின் முழு அளவைக் கண்டுபிடித்து அதோடு 20-ஐ அப்படியே கூட்டுவது. மூலை போல்ட்டின் தூரம் 116.6 மி.மீ., அதன் சுழற்சி விசை 45.4. கூட்டினால் 65.4. இது பாதுகாப்பான பக்கத்துத் தவறுதான், ஆனாலும் தவறு. இரண்டு விசையும் ஒரே கோட்டில் இல்லை.

எக்செலில் போடுவதென்றால் போல்ட்டுக்கு ஒரு வரி. P, n, M, S, x, y என்ற இடங்களில் உங்கள் செல்களைக் கொடுங்கள்:

```
=SQRT((P/n + M*x/S)^2 + (M*y/S)^2)
```

சுமை இருக்கும் பக்கம் x கூட்டல் என்று தொடக்கத்தில் வைத்ததன் பலன் இங்கே தெரியும். குறி தானாகப் பார்த்துக்கொள்ளும். மோசமான போல்ட் எது என்று ஊகிக்காமல் எல்லா வரியையும் போட்டுப் பெரியதை எடுங்கள்.

விடை சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். செங்குத்து விசைகளைக் கூட்டுங்கள்: வலதில் மூன்று 43.38, இடதில் மூன்று 3.38 எதிர்த்திசையில். கழித்தால் 120 வர வேண்டும், வருகிறது. கிடைமட்டக் கூறுகள் எல்லாம் கூடிப் பூஜ்யம் ஆக வேண்டும். மேலே இரண்டு வலப்பக்கம், கீழே இரண்டு இடப்பக்கம், சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மையவிலகலைத் தப்பாக எடுத்திருந்தாலும் இந்த இரண்டு சோதனையும் பாஸ் ஆகிவிடும். அந்தத் தவறைப் படத்தைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். 140 என்று அளந்திருந்தால் 45.5 கிலோநியூட்டன் வந்திருக்கும், 73 என்று அளந்திருந்தால் 31.9. மூன்றுமே பார்க்க நியாயமான எண்கள்தான். அதனால்தான் இந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் செக்கிங் தாண்டிப் போய்விடுகிறது.

போல்ட் தாங்குமா?

8.8 தர எம்20 போல்ட், மரை ஷியர் தளத்தில் விழுகிறது என்று வைத்தால், யூரோகோட்படி:

```
Fv,Rd = 0.6 × 800 × 245 / 1.25 = 94080 N = 94 kN
```

ஐஎஸ் 800-இல் 0.6-க்குப் பதிலாக ஒன்றின் கீழ் ரூட் மூன்று வரும், அதே போல்ட்டுக்கு 90.5. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மரை இல்லாத தண்டுப் பகுதியில் வெட்டு விழும் என்று சொல்லி 245-க்குப் பதில் 314 எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். முழுக்க மரை வெட்டிய போல்ட்தான் சைட்டுக்கு வரக்கூடும்.

58.3-க்கு 94 தாராளம். எம்16 போட்டாலும் 60.3 வரும், ஆக அதுவும் பாஸ்தான், 97 சதவீதத்தில். இந்த இடத்தில் என் தேர்வு எம்20. காரணம் அடுத்த பகுதியில்.

பேரிங்கையும் பாருங்கள். 12 மி.மீ. எஸ்275 பிளேட், மேல் விளிம்பிலிருந்து முதல் போல்ட்டுக்கு 50 மி.மீ. என்றால் எம்20-க்குச் சுமார் 149 கிலோநியூட்டன் வருகிறது. அதாவது பிளேட்டில் துளை நசுங்குவதற்கு முன்பே போல்ட் வெட்டுப்பட்டுவிடும். இது முக்கியம். எஸ்எஸ் ஈஎன் 1993-1-8-இன் 3.12 பிரிவு, ஷியர் வலிமை பேரிங்கைவிடக் குறைவாக இருந்தால் விசையை மையத்தூரத்தின் விகிதத்தில்தான் பங்கிட வேண்டும் என்கிறது. வழுக்காத வகை இணைப்புக்கும், அதிர்வு, தாக்கம் உள்ள இடங்களுக்கும் அதேதான். இந்த பிராக்கெட்டுக்கு எலாஸ்டிக் முறையை நாம் சௌகரியத்துக்காக எடுக்கவில்லை. கோட் அதைத்தான் கேட்கிறது. துளை நசுங்கி இடம் கொடுத்தால் அதிகம் வாங்கும் போல்ட் தன் பாரத்தைப் பக்கத்து போல்ட்டுக்கு மெல்ல மாற்றிவிடும். போல்ட்டே முதலில் வெட்டுப்படும் இடத்தில் அந்த அவகாசம் கிடையாது.

ஒரு போல்ட் போகவில்லை என்றால்

எரக்‌ஷன் நடக்கும்போது சைட்டிலிருந்து போன் வரும். "சார், மேல் வலது ஹோல் மேட்ச் ஆகல. அஞ்சு போட்டாச்சு, ஒண்ணுதானே, விட்டுடலாமா?" கேட்பவர் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. ஆறில் ஒன்று போனால் மற்றவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடும், 58 எழுபது ஆகும், எம்20 தாங்கும் என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு போல்ட் போனதும் மையமே நகர்ந்துவிடும். கணக்கை முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

வலது மேல் போல்ட் இல்லாமல் மீதி ஐந்தின் மையம், பழைய மையத்திலிருந்து 12 மி.மீ. இடப்பக்கமும் 20 மி.மீ. கீழேயும் போகிறது. புதிய மையத்திலிருந்து இடது வரிசை 48 தள்ளி, வலது வரிசை 72 தள்ளி. உயரங்கள் 120, 20, கீழே 80. மையம் சுமையிலிருந்து விலகியதால் மையவிலகலும் 212 ஆகிவிட்டது.

```
S   = 3(48²) + 2(72²)
    + 120² + 2(20²) + 2(80²)
    = 45280 mm²
M   = 120 × 212 = 25440 kN·mm
M/S = 0.5618 kN/mm

வலது கீழ் போல்ட்:
Fx = 0.5618 × 80      = 44.9 kN
Fy = 24 + 0.5618 × 72 = 64.5 kN
R  = 78.6 kN
```

58.3 என்பது 78.6 ஆகிவிட்டது, 35 சதவீதம் கூடுதல். எம்20 என்றால் 94-க்குள் நிற்கிறது. எம்16 போட்டிருந்தால் 60.3-ஐத் தாண்டிப் போய்விட்டது. மூன்று காரணம் ஒரே நேரத்தில் சேருகின்றன: நேரடிப் பங்கு 20-லிருந்து 24 ஆகிறது, மொமென்ட் கூடுகிறது, S நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. மூன்றாவதுதான் பெரிய அடி. மூலை போல்ட் மையத்திலிருந்து தூரம் என்பதால் S-இல் அதன் பங்கு அதிகம். இதே கேள்வி நடு போல்ட்டைப் பற்றி வந்தால் பாதிப்பு இவ்வளவு இருக்காது.

எம்20 தாங்குகிறது என்பதற்காக ஐந்தோடு விட்டுவிடலாம் என்று நீங்களாகச் சொல்லவும் கூடாது. வரைபடத்தில் ஆறு இருந்தால், மாற்றத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் அந்த வேலையின் கியூபி, அதாவது வரைவுக்குப் பொறுப்பேற்ற குவாலிஃபைட் பர்சன். உங்கள் கணக்கை எழுத்தில் அவருக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் மேக்னட் டிரில் வைத்துத் துளையைச் சரி செய்யச் சொல்வார்கள். கேஸ் கட்டிங்கால் துளையை ஊதிப் பெரிதாக்குவதை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். ஓரம் பிசிறிய, பெரிதான துளையில் போல்ட் மற்றவற்றோடு சேர்ந்து சுமை எடுக்காது. பிறகு பார்க்க ஆறு போல்ட், வேலை செய்வது ஐந்துதான்.

விசையைக் குறைக்க வேண்டுமென்றால்

முதலில் போல்ட்டுகளைத் தள்ளி வையுங்கள். நம் உதாரணத்தில் 100 மி.மீ. இடைவெளியை 120 ஆக்கினால், அதே ஆறு போல்ட்டிலேயே மோசமான போல்ட்டின் விசை 58.3-லிருந்து 52.7-க்கு இறங்குகிறது. செலவு கொஞ்சம் பிளேட் நீளம்தான். அதுவும் போதாது என்றால் குறுக்குவாக்கில் ஒரு வரி சேருங்கள்: 100 மி.மீ. இடைவெளியில் நான்கு வரி, எட்டு போல்ட் என்றால் 38.3. போல்ட் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடியது, விசையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. வெளிப்புறத்தில் சேர்ப்பதால் கிடைக்கும் பலன் அது. நடுவில் போல்ட் சேர்த்தால் நேரடிப் பங்குதான் குறையும், S-க்கு அநேகமாக ஒன்றும் கிடைக்காது.

இந்த முறை பொருந்தாத இடம்

சுமையும் போல்ட் குழுவும் ஒரே தளத்தில் இருக்கும்போதுதான் இதுவரை சொன்ன அனைத்தும் பொருந்தும். அதாவது ஃபிளேஞ்சை நேராகப் பார்த்து நின்றால், பிளேட் கடிகார முள் போலத் திரும்ப வேண்டும். அதே ஃபிளேஞ்சில் எண்ட் பிளேட் போட்டு, அதிலிருந்து பிராக்கெட் உங்களை நோக்கி வெளியே நீண்டு சுமை தாங்கினால் கதை வேறு. அங்கே மேல் போல்ட்டுகள் இழுவை வாங்கும், கீழே பிளேட் தூணை அழுத்தும், ஷியரும் இழுவையும் சேர்ந்து சோதிக்க வேண்டும். இரண்டு படமும் பக்கவாட்டுத் தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும். எனவே கணக்கைத் தொடங்குமுன் பிளானையும் ஒருமுறை பார்த்து, போல்ட்டின் அச்சு சுமைத் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுமை சாய்வாக வந்தால் முறை மாறாது. அதைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் பிரித்து, இரண்டையும் போல்ட் எண்ணிக்கையால் வகுத்து அந்தந்தக் கூறோடு சேருங்கள். மொமென்ட்டுக்கு, மையத்திலிருந்து சுமைக் கோட்டுக்குச் செங்கோணத்தில் அளந்த தூரத்தை எடுங்கள். அப்போது மேல் மூலையும் கீழ் மூலையும் ஒரே விடை தராது. நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.